துவரம் பருப்புக்கு 159 போடுவதா, 156 போடுவதா?

கேள்வி: தேனிப் பக்கம் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறோம். பருப்பு, மசாலா சாமான் எல்லாம் மூட்டையிலிருந்து நிறுத்துத்தான் கொடுக்கிறோம். தெருமுனையில் புதிதாக வந்த சூப்பர் மார்க்கெட்டில் துவரம் பருப்பு 159, சர்க்கரை 49 என்று அட்டை வைத்திருக்கிறார்கள். நாங்களும் 9-ல் முடிகிற மாதிரி விலை போடலாமா? இதுவரை அட்டையே வைத்ததில்லை, வாயால் சொல்வதுதான். "ஆளுக்கு ஒரு விலை சொல்றீங்களா?" என்று சிலர் கேட்டுவிட்டார்கள். அட்டையில் என்ன எழுதுவது, எப்படி எழுதுவது?

பதில்:

நிறுத்து விற்கிற சரக்குக்கு 9 வேண்டாம். காரணம் எளிது, 9-ல் முடிகிற விலை கால் கிலோவாகப் பிரியாது. 159 ரூபாய்ப் பருப்பில் அரை கிலோ 79.50, கால் கிலோ 39.75. உங்கள் கடைக்கு வருகிறவர்களில் முழுக் கிலோ வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? கால் கிலோ கேட்கிறவரிடம் 40 ரூபாய் வாங்குவீர்கள். அவர் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டால் கிலோ 160 என்று வரும், அட்டையிலோ 159. தொகை கால் ரூபாய்தான், ஆனால் "அட்டையில் ஒன்று, கல்லாவில் ஒன்று" என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. சூப்பர் மார்க்கெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் ஒரு கிலோ பாக்கெட், அரைக் கிலோ பாக்கெட் என்று தனித்தனி விலை போட்டு விற்கிறார்கள். யாரும் பாக்கெட்டைப் பிரித்துக் கால் கிலோ கேட்கப்போவதில்லை.

அதனால் கிலோ விலையின் கடைசி இலக்கத்தை, அந்தச் சரக்கை எந்த அளவில் அதிகம் கேட்கிறார்கள் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கால் கிலோ வரைக்கும் கேட்கிற பருப்பு, உளுந்து, சர்க்கரை, ரவை இவற்றுக்குக் கிலோ விலை 4-ஆல் வகுபட வேண்டும். நூறு கிராம் கேட்கிற சரக்குக்கு 10-ஆல் வகுபட வேண்டும். சீரகம், சோம்பு, வெந்தயம் மாதிரி ஐம்பது கிராம் கேட்கிறவற்றுக்கு 20-ஆல். மிளகு, கிராம்பு மாதிரி இருபத்தைந்து கிராம் வரை போகிறவற்றுக்கு 40-ஆல் வகுபட்டால் சுத்தமாக இருக்கும். மிளகு கிலோ 900 என்றால் 25 கிராம் 22.50 வந்து நிற்கும். 880 என்றால் 22, 920 என்றால் 23. ஐம்பது காசு நாணயம் சட்டப்படி இன்றும் செல்லும் (25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும்தான் 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாமல் போயின). ஆனால் கல்லாவில் அது கிடைப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே விலை முழு ரூபாயில் முடிவதே நல்லது.

உங்கள் துவரம் பருப்பையே எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 கிலோ மூட்டை 6,900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வண்டி வாடகைப் பங்கும் இறக்குக் கூலியும் சேர்ந்து 100. ஆக 7,000. மூட்டையில் தூசி, குருணை, நிறுக்கும்போது கூடப் போகிற சேதாரம் எல்லாம் சேர்த்து அரை கிலோ கழியும், விற்பது 49.5 கிலோ. கவருக்கு மூட்டைக்கு 25 ரூபாய். மொத்தம் 7,025-ஐ 49.5-ஆல் வகுத்தால் அடக்க விலை கிலோவுக்கு ஏறக்குறைய 142. நிறையப் பேர் 6,900-ஐ 50-ஆல் வகுத்து 138 என்று எடுத்துக்கொண்டு அதன் மேல் லாபம் வைக்கிறார்கள். லாபத்தில் நாலு ரூபாய் அங்கேயே போய்விடும்.

விற்கும் விலையில் பத்துச் சதவீதம் நிற்க வேண்டும் என்றால் 158 சுமார் வருகிறது. அதை அப்படியே போடக் கூடாது, கால் கிலோ 39.50 ஆகிவிடும். பக்கத்தில் இருப்பவை 156-உம் 160-உம். 160 என்றால் அரை கிலோ 80, கால் கிலோ 40, நூறு கிராம் 16, ஐம்பது கிராம் 8 என்று எல்லா அளவிலும் அழகாகப் பிரியும். மூட்டைக்கு 7,920 ரூபாய் வரும். 156 என்றால் அரை கிலோ 78, கால் கிலோ 39. மூட்டைக்கு 7,722. இரண்டுக்கும் வித்தியாசம் மூட்டைக்கு 198 ரூபாய். எதிரில் 159 என்று அட்டை தொங்காவிட்டால் 160-ஐத்தான் சொல்வேன். அது தொங்குவதால் 156. ஒரு ரூபாய் அதிகமாக இருந்து "அங்கேயே விலை கம்மி" என்ற பேரை வாங்குவதைவிட, மூட்டைக்கு 198 ரூபாயை விட்டுக்கொடுத்து மூன்று ரூபாய் குறைவாக நிற்கலாம். 157, 158 எல்லாம் இரண்டுக்கும் நடுவில் நின்று பிரியாமல் தொல்லை கொடுக்கிற விலைகள்.

இன்னொரு வகை வாடிக்கையாளரை மறந்துவிடக் கூடாது. "இருபது ரூபாய்க்குப் பருப்பு குடுங்க" என்று தொகையைச் சொல்லிக் கேட்கிறவர். அன்றாடக் கூலிக்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வாங்குவார்கள், விலையில் ஏமாற்றப்படுகிறோமோ என்ற சந்தேகமும் அவர்களுக்குத்தான் அதிகம், ஏனென்றால் எடையை அவர்கள் கேட்கவே இல்லை. 156 விலைக்கு இருபது ரூபாய்க்கு 128 கிராம் வரும். 130 கிராம் நிறுத்து, "நூற்றி முப்பது கிராம்" என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். உங்களுக்குப் போவது முப்பது காசு. தராசின் விலைத் திரை வாங்குகிறவர் பக்கமும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தால் அதுவே பாதி விலைச் சீட்டு. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை போட வேண்டும் என்பதை நினைவுபடுத்துகிறேன். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறைதான் அதைப் பார்க்கிறது.

சரி, 9 எதற்குமே உதவாதா என்றால், உதவும். அமெரிக்காவில் எரிக் ஆண்டர்சன், டங்கன் சிமெஸ்டர் என்ற இரண்டு பேர் ஒரு பெண்கள் ஆடை நிறுவனத்தின் தபால் விற்பனைப் பட்டியலில் ஒரே உடைக்கு 34, 39, 44 டாலர் என்று மூன்று விலை அச்சடித்து அனுப்பிப் பார்த்தார்கள். 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். 34-ஐவிட 39 போட்டபோது அதிகம் விற்றது. ஆனால் அந்த ஆய்விலேயே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பழகிய சரக்கைவிடப் பட்டியலுக்குப் புதிதாக வந்த சரக்கில்தான் 9-இன் வேலை அதிகம் தெரிந்தது. விலை என்ன இருக்க வேண்டும் என்று தெரியாதவர்தான் கடைசி இலக்கத்தைப் பார்த்து "இது மலிவு போல" என்று முடிவு செய்கிறார். உங்கள் தெருவில் துவரம் பருப்பு விலை தெரியாதவர் யார்? அதோடு, 9-இன் பலன் முதல் இலக்கம் மாறுகிற இடத்தில்தான் பெரிது. 199-க்கும் 200-க்கும் கண்ணில் படுகிற தூரம் 159-க்கும் 160-க்கும் கிடையாது.

எனவே வருஷத்துக்கு ஒரு தடவை வாங்குகிற பிளாஸ்டிக் வாளி, டிபன் பாக்ஸ், துடைப்பம், பரிசுப் பொருள் இவற்றுக்கு 99, 149, 199 போடுங்கள், தவறில்லை. நம் ஊரில் இதைப் பாட்டா விலை என்று கிண்டல் செய்வார்கள், அந்தக் கிண்டலே ஒரு எச்சரிக்கைதான், எல்லாருக்கும் தந்திரம் தெரிந்திருக்கிறது. ஒரே நிபந்தனை, 99 போட்டால் அந்த ஒரு ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சில்லறை இல்லை என்று மிட்டாயை நீட்டினால் உங்கள் விலை 100 ஆகிவிடுகிறது, கூடவே ஒரு எரிச்சலும். ஜிபேயில் கொடுக்கிறவருக்கு 99 சரியாக 99-ஆகவே போய்விடும், அதனால் பணமாகக் கொடுக்கிற வயதானவர்களுக்குத்தான் இதில் நஷ்டம். கல்லாவில் ஒரு ரூபாய் நாணயம் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும். இல்லாத நாளில் நீங்கள்தான் ஒரு ரூபாயைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

முட்டைக்கு மட்டும் வேறு மாதிரி. நாமக்கல் பண்ணை விலையே காசுக் கணக்கில்தான் அறிவிக்கப்படுகிறது, அதனால் சில்லறை விலையும் 6.50 மாதிரி வந்து நிற்கும். ஒற்றை முட்டைக்கு 7 என்றும் இரண்டுக்கு 13 என்றும் இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். ஏன் ஒற்றைக்கு அரை ரூபாய் கூட என்று யாரும் கேட்கமாட்டார்கள், எழுதியிருப்பதால்.

இப்போது அட்டை. உங்களுக்கு வந்த "ஆளுக்கு ஒரு விலையா" என்ற கேள்விக்கு அசல் பதில் இதில்தான் இருக்கிறது. நிறுத்து விற்கும் சரக்கின் அட்டையில் கிலோ விலை மட்டும் போதாது, கால் விலையும் வேண்டும். இப்படி:

துவரம் பருப்பு (முதல் ரகம்)
1 கிலோ ₹156
½ கிலோ ₹78 · ¼ கிலோ ₹39

இதில் கிலோ விலை மட்டும் பெரிதாக, மற்றவை அதில் பாதி உயரத்தில். கீழே மூலையில் சின்னதாக விலை மாற்றிய தேதி. அந்தத் தேதிதான் "போன வாரம் வேற விலை சொன்னீங்களே" என்பதற்கு உங்கள் சார்பில் பதில் சொல்லும். ரகத்தை எழுதாமல் விடாதீர்கள். இரண்டு வகைத் துவரம் பருப்பு பக்கத்துப் பக்கத்து மூட்டையில் இருந்து, ஒன்றின் விலையைப் பார்த்துவிட்டு மற்றொன்றைக் கேட்டால் கல்லாவில் சண்டைதான்.

எழுதும் விதத்தில் இரண்டு பழக்கங்களை விட்டுவிடுங்கள். ஒன்று, 156.00 என்று புள்ளி வைத்து இரண்டு சைபர் போடுவது. இரண்டு முழம் தள்ளி நின்றால் புள்ளி தெரியாது, 15600 மாதிரி நீளமாகத் தெரியும், விலை கூடுதலாகத் தோன்றும். மற்றொன்று, செக் எழுதுகிற மாதிரி 156/- என்று முடிப்பது. செக்கில் பின்னால் யாரும் இலக்கம் சேர்க்கக் கூடாது என்பதற்காகப் போட்டது அது. மார்க்கர் பேனாவில் சாய்கோடு நிமிர்ந்துவிட்டால் 1561 ஆகிவிடும். முன்னால் சின்ன ₹ போதும். 1-ஐயும் 7-ஐயும் வேறுபடுத்தி எழுதுங்கள், 4-இன் தலையை மூடினால் 9 ஆகிவிடும், திறந்தே வையுங்கள். வீட்டில் யார் கையெழுத்து தெளிவோ அவரே எல்லா அட்டையையும் எழுதட்டும். ஒரு கையெழுத்தில் இருந்தாலே பாதி ஒழுங்கு வந்துவிடும்.

வெள்ளை அட்டையில் கறுப்பு எழுத்து. சிவப்பு, மஞ்சள், நட்சத்திர வெட்டு அட்டை எல்லாம் உண்மையிலேயே விலை குறைத்திருக்கிற ஒன்றிரண்டு சரக்குக்கு மட்டும். எல்லா மூட்டையிலும் சிவப்பு அட்டை தொங்கினால் எதுவுமே குறைந்த மாதிரி தெரியாது. இலக்கத்தின் உயரத்தை எப்படி முடிவு செய்வது? கல்லாவுக்கு முன்னால் வாடிக்கையாளர் நிற்கிற இடத்தில் நீங்களே போய் நின்று பாருங்கள், அறுபது வயதைத் தாண்டிய ஒருவரையும் நிற்க வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் மாதிரிக் கடையில் வாங்குகிறவர் உள்ளே வருவதில்லை, பலகைக்கு வெளியே நின்றுதான் கேட்கிறார். அவருக்கு மூட்டை தூரத்தில் இருக்கும். கை நீளத்தில் எடுக்கிற கடைக்கு விற்கும் சின்னச் சீட்டு உங்களுக்குப் பயன்படாது, போஸ்ட் கார்டு அளவாவது வேண்டும்.

மூட்டைக்கு அட்டையை மூங்கில் குச்சியில் செருகிச் சரக்கிலேயே குத்திவிடலாம். அலமாரியில் இருக்கும் பொருளுக்குத் தட்டின் விளிம்பில், பொருளுக்கு நேர் கீழே, ஒட்ட வேண்டும். மேல் தட்டு, கீழ்த் தட்டு இரண்டுக்கும் நடுவில் தொங்கவிட்டால் எதன் விலை என்று தெரியாது. தக்காளி, வெங்காயம், தேங்காய் மாதிரி தினம் மாறுகிறவற்றுக்குத் தனி அட்டை வேண்டாம், வாசலில் ஒரு சிலேட்டுப் பலகை, காலையில் தேதி போட்டு எழுதினால் போதும்.

விலை மாற்றும் நாளில்தான் தவறு நடக்கும். தராசில் விலையைப் பதிந்து வைத்திருப்பீர்கள், அட்டையில் பழைய விலை நிற்கும். இதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். விலை ஏறினால் முதலில் அட்டையை மாற்றிவிட்டு, பிறகு தராசில் மாற்றுங்கள். இறங்கினால் முதலில் தராசு, பிறகு அட்டை. அப்படிச் செய்தால் இடையில் யார் வந்தாலும், அட்டையில் பார்த்ததைவிட அதிகமாகக் கொடுத்தார் என்ற நிலை ஒருபோதும் வராது. அப்படியும் அட்டை குறைவாக இருந்து பில் அதிகமாக வந்துவிட்டால், பேச்சே இல்லாமல் அட்டை விலைக்குக் கொடுத்துவிட்டு உடனே அட்டையை மாற்றுங்கள்.

ஏற்றும்போது 4-4-ஆக ஏற்ற வேண்டிவரும், 156-இலிருந்து 160, பிறகு 164. மண்டியில் மூட்டைக்கு ஐம்பது ரூபாய் ஏறினால் கிலோவுக்கு ஒரு ரூபாய்தான், அதற்காக அட்டையைத் தொட வேண்டாம். அடக்கம் மூன்று நாலு ரூபாய் ஏறும் வரை பொறுத்து ஒரே தடவையாக மாற்றுங்கள். வாரத்துக்கு ஒரு ரூபாய் ஏறுவதைவிட மாதத்துக்கு ஒரு முறை நாலு ரூபாய் ஏறுவதை மக்கள் எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள். அதே நேர்மையோடு இறங்கும்போதும் அடக்கம் நாலு ரூபாய் இறங்கினால் இறக்கிவிட வேண்டும். ஏற்றுவதற்கு அவசரமும் இறக்குவதற்கு நிதானமும் காட்டுகிற கடையைத் தெருவே கவனிக்கும்.

கடன் நோட்டுக்காரருக்கும் ரொக்கத்துக்கு வாங்குகிறவருக்கும் அட்டை விலை ஒன்றுதான். அதிகம் எடுப்பவருக்குக் குறைப்பதாக இருந்தால் அதையும் அட்டையிலேயே எழுதுங்கள்: "5 கிலோவுக்கு மேல் கிலோ ₹154". எழுதி வைத்த சலுகை எல்லாருக்கும் உரியது. காதோடு சொன்ன சலுகைதான் "ஆளுக்கு ஒரு விலை" ஆகிறது. மொத்த பில்லில் காசு வந்தால் கீழ்ப்பக்கமாகவே முழு ரூபாய்க்குக் கொண்டுவாருங்கள்.

கம்பெனிப் பாக்கெட்டுகளுக்கு வருகிறேன். இங்கே கடைசி இலக்கத்தை முடிவு செய்வது உங்கள் வேலை இல்லை, எம்.ஆர்.பி. அச்சாகியிருக்கிறது, வரி எல்லாம் அதிலேயே அடக்கம். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட, "கூலிங்" என்ற பேரிலும், வாங்கக் கூடாது. எம்.ஆர்.பி.க்கே விற்கிற பொருளுக்கு அட்டை வைக்காமல் விடுவதே பாதுகாப்பு, ஏனென்றால் விலை ஏறும் மாதத்தில் பழைய சரக்கு 45, புதுச் சரக்கு 48 என்று இரண்டும் ஒரே தட்டில் இருக்கும். 48 என்று அட்டை இருந்து ஒருவர் கையில் 45 அச்சடித்த பாக்கெட் கிடைத்தால் தப்பு உங்கள் மேல்தான். அதை 45-க்குத்தான் கொடுக்க வேண்டும். பழையதை முன்னால் வைத்துத் தீர்த்துவிடுங்கள். எம்.ஆர்.பி.யைவிடக் குறைத்து விற்கும்போது மட்டும் அட்டை: "எம்.ஆர்.பி. ₹120, நம் விலை ₹112". பாக்கெட்டிலேயே குறைந்த விலை ஸ்டிக்கர் ஒட்டுவதென்றால் அச்சடித்த விலையை மறைக்காமல் பக்கத்தில் ஒட்ட வேண்டும். என்றுமே வாங்காத ஒரு பெரிய விலையை எழுதி அடித்துக் காட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். உங்கள் வாடிக்கையாளருக்குப் போன மாத விலை நினைவிருக்கும்.

கடைசியாக, அட்டை வைக்கிற உற்சாகத்தில் பருப்பையும் முன்கூட்டியே அரை கிலோ, கால் கிலோ பொட்டலமாகக் கட்டி விலை ஒட்டி அடுக்கலாம் என்று தோன்றும். வாங்குகிறவர் முன்னால் நிறுத்துக் கட்டுவது ஒன்று. அவர் இல்லாதபோதே அளவு போட்டுக் கட்டி வைத்தால் அது சட்டப்படி முன்கட்டிய பொருள் ஆகிவிடுகிறது. பிறகு கட்டியவர் பெயர் முகவரி, நிகர எடை, கட்டிய மாதம் வருடம், எம்.ஆர்.பி., கிராமுக்கு எவ்வளவு என்ற அலகு விலை, புகார் சொல்ல வேண்டிய எண் எல்லாம் அச்சடிக்க வேண்டும், உணவுப் பொருள் என்பதால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிகளும் சேரும். ஜி.எஸ்.டி.யிலும் வேறுபாடு உண்டு. 2022 ஜூலை 18 முதல் கட்டி லேபிள் ஒட்டிய பருப்பு, அரிசி வகைகளுக்கு 25 கிலோ வரை 5 சதவீத வரி வந்தது, நிறுத்துக் கொடுப்பதற்கு அது இல்லை. பண்டிகை நேரத்தில் மட்டும் கட்டி வைப்பதாக இருந்தாலும் உங்கள் கணக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எல்லா அட்டையையும் ஒரே நாளில் எழுத வேண்டாம். அதிகம் ஓடுகிற பத்துப் பன்னிரண்டு சரக்கில் ஆரம்பியுங்கள். அட்டைக்கு நேராக நின்றுகொண்டே யாராவது "இது எவ்வளவு?" என்று கேட்டால் அந்த அட்டையைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்து சின்னதாக இருக்கும், அல்லது தப்பான இடத்தில் இருக்கும், அல்லது அவர் கேட்கிற அளவு அதில் இருக்காது. நூறு கிராம் விலையை நாலு பேர் கேட்டுவிட்டால் அந்தச் சரக்கின் அட்டையில் நூறு கிராம் விலையைச் சேருங்கள், கிலோ விலையையும் அடுத்த மாற்றத்தில் 4-ஆலும் 10-ஆலும் வகுபடுகிற எண்ணுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.